நெல் உலர்த்திக் கணக்கில் பாதிப் பணவீக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில், படுவான்கரைக்கு நெல் உலர்த்தி இயந்திரம் தேவையா என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எழுதியவர் பெரிய படிப்புப் படித்தவர் என்று அடியில் குறிப்பும் இருந்தது. முழுக் கட்டுரையையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரே ஒரு வசனம்தான்: "எச்சரிக்கை கருதிப் பணவீக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை." அதைப் படித்துவிட்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எழுதுகிறேன்.

பொறுக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. என் மனைவியின் தம்பி மண்டூர்ப் பக்கம் வயல் செய்கிறான். பெரும்போக அறுவடை தை மாதத்தில் வரும். மழையும் போகமாட்டேன் என்று நிற்கும். தார் றோட்டில் படங்கை விரித்து நெல்லைப் பரப்புவதும், மேகம் கறுத்தால் ஓடிப்போய்ச் சுருட்டுவதுமாக இரண்டு கிழமை போகும். ஈரப்பதம் 14 வீதத்துக்கு இறங்காத நெல்லை வியாபாரி என்ன விலைக்குக் கேட்பான் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவனுடைய கமக்காரர் அமைப்பு இயந்திரம் வாங்கலாம் என்று முடிவெடுக்கக் கூடிய அன்றுதான் உங்கள் பேப்பரை ஒருவர் கொண்டுவந்து சத்தமாக வாசித்திருக்கிறார். கூட்டம் கலைந்துவிட்டது. அடுத்த நாள் குருமண்வெளித் துறையைக் கடந்து வந்து மைத்துனன் என்னிடம் கேட்டான்: "அத்தான், பேப்பரிலேயே நட்டம் என்று போட்டிருக்கு. நீங்க என்ன லாபம் என்று சொன்னீங்க?"

முப்பத்தொரு வருடம் கணக்கியல் படிப்பித்தவனுக்கு இது தேவைதான்.

சரி, கட்டுரையின் கணக்கைப் பார்ப்போம். இயந்திரமும் கொட்டகையும் 1 கோடி ரூபா. உலர்த்தும் கூலியில் டீசல், சம்பளம், திருத்தம் எல்லாம் போக மிஞ்சுவது வருடத்துக்கு 20 இலட்சம். ஆயுள் 8 வருடம். வங்கி வட்டி 14 வீதம். (இந்த 14 வேறு, ஈரப்பதத்தின் 14 வேறு.) எட்டு வருடமும் அதே 20 இலட்சத்தை வைத்து, ஒவ்வொன்றையும் 14 வீதத்தில் கழித்து, அதாவது எத்தனையாம் வருடமோ அத்தனை முறை 1.14 ஆல் வகுத்து, இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்து கூட்டினால் 92.8 இலட்சம் வருகிறது. போட்டது 100 இலட்சம். ஆகவே 7.2 இலட்சம் நட்டம், திட்டம் வேண்டாம் என்று முடித்திருக்கிறார்.

பெருக்கல் பிழையில்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. எட்டாம் வருடத்திலும் 20 இலட்சம் என்றால் அது இன்றைய விலையில் சொன்ன 20 இலட்சம். கூலி ஏறாது, டீசல் ஏறாது, ஒன்றும் ஏறாது என்ற உலகம் அது. நல்லது, அப்படியும் கணக்குப் போடலாம். மெய்ப் பெறுமதியில் கணிப்பது என்று அதற்குப் பெயரும் உண்டு. ஆனால் கழிக்க எடுத்த 14 வீதம் எந்த உலகத்திலிருந்து வந்தது? வங்கிக் கடன் பத்திரத்திலிருந்து. வங்கிக்காரன் பணவீக்கத்தை எச்சரிக்கை கருதி விட்டுவிட்டானா? பொருள் விலை ஏறும், திரும்பி வரும் ரூபாவின் வலு குறையும் என்று எதிர்பார்த்து, அதற்கும் சேர்த்துத்தான் 14 கேட்கிறான். அதாவது வருமானத்திலிருந்து பணவீக்கத்தை எடுத்துவிட்டார், வட்டியில் அது அப்படியே இருக்கிறது. பாதியைச் சேர்த்து மீதியை விடுவதற்கு எச்சரிக்கை என்றா பெயர்?

இரண்டையும் ஒரே உலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பணவீக்கம் 5 வீதம் என்று வையுங்கள்; மத்திய வங்கி வைத்திருக்கும் இலக்கே அதுதான். 1.14 ஐ 1.05 ஆல் வகுத்தால் 1.0857. மெய் வட்டி 8.57 வீதம். மாறாத 20 இலட்சத்தை இந்த வீதத்தில் கழித்துக் கூட்டினால் 112.5 இலட்சம். நட்டம் போய் 12.5 இலட்சம் இலாபம் நிற்கிறது.

நம்பிக்கை இல்லாதவர்கள் மற்றப் பக்கமாகவும் வரலாம். வட்டி 14 ஆகவே இருக்கட்டும், வருமானத்தை வருடம் 5 வீதப்படி ஏற்றுங்கள். முதல் வருடம் 21 இலட்சம், 1.14 ஆல் வகுத்தால் 18.42. மாறாத 20 இலட்சத்தை 1.0857 ஆல் வகுத்தாலும் 18.42தான். எட்டாம் வருடம் 29.55 இலட்சமாக ஏறியிருக்கும். அதை 14 வீதத்தில் எட்டு முறை கழித்தால் 10.36. மெய்க் கணக்கில் எட்டாம் வருடமும் அதே 10.36. உங்கள் கட்டுரையாளரின் முறையில் அந்த வருடத்துக்கு 7.01தான் கிடைக்கும். வருடம் தள்ளிப்போகப் போக ஓட்டை பெரிதாகிறது. ஆயுள் கூடிய திட்டங்களை, குளத்தையும் தென்னந்தோட்டத்தையும், இந்தப் பிழை கூடுதலாக அடிக்கும்.

ஏன் வகுக்க வேண்டும், 14இலிருந்து 5ஐக் கழித்து 9 என்று போட்டால் என்ன என்று வகுப்பில் வருடா வருடம் ஒரு பிள்ளை கேட்கும். பணவீக்கம் சிறிதாக இருந்தால் பெரிய வித்தியாசம் வராது, இங்கே 110.7 இலட்சம் வரும், அவ்வளவுதான். ஆனால் 2022ஐ மறந்துவிட்டீர்களா? அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். என் ஓய்வுக் கொடுப்பனவு முழுவதும் நிலையான வைப்பில் கிடந்தது. வட்டி சொன்ன திகதிக்குச் சரியாக வந்தது, அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். இலகுவான எண்ணில் சொல்கிறேன்: கிலோ 100 ரூபா அரிசி 160 ஆகிறது, என் 100 ரூபா வட்டியோடு 120 ஆகிறது. 20இல் 60ஐக் கழித்தால் நாற்பது வீதம் போய்விட்டது என்று வரும். கடைக்குப் போய்ப் பாருங்கள், 120 ரூபாவுக்கு முக்கால் கிலோ தருவான். போனது கால் பங்கு. வகுத்தல் அரிசிக் கடையிலேயே இருக்கிறது ஐயா.

பெட்டிச் செய்தியிலும் அதே குழப்பம். 1 கோடியை 14 வீதத்தில் 8 வருடத்துக்குக் கடன் எடுத்தால் வருடத் தவணை 21.56 இலட்சம், வருமானம் 20, ஆகவே "ஒவ்வொரு வருடமும் துண்டு விழும்" என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். தவணை என்பது பத்திரத்தில் எழுதிய ரூபா. எட்டு வருடமும் மாறாது. 20 இலட்சமோ இன்றைய விலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழிக்க முடியாது. கையில் வரும் ரூபாவைப் பார்த்தால் முதல் வருடம் 21 இலட்சம். 56 ஆயிரம் துண்டு விழும், உண்மைதான். இரண்டாம் வருடம் 22.05, 49 ஆயிரம் மிஞ்சும். பிறகு மிச்சம் கூடிக்கொண்டே போகும். அமைப்பு வங்கியிடம் கேட்கவேண்டியது முதல் வருடத் தவணையில் ஒரு சலுகை. கூட்டத்தைக் கலைக்கும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். உலர்த்தும் கூலியை எட்டு வருடம் ஏற்றவே முடியாது, அமைப்பின் தலைவர் தேர்தலுக்குப் பயந்து ஏற்றமாட்டார் என்று கட்டுரையாளர் நினைத்திருந்தால், கதை வேறு. அப்போது கையில் வரும் ரூபாவே ஏறாது, டீசல் வேறு ஏறிக்கொண்டிருக்கும். 14 வீதத்தில் கழிப்பதுதான் சரி, நட்டம் அவர் சொன்னதைவிடக் கூடவே வரும். ஆனால் அதை அப்படிச் சொல்லவேண்டும். அவரோ "தற்போதைய விலைகளில்" என்றே எழுதியிருக்கிறார்.

நான் எப்போதும் திட்டங்களுக்குப் பக்கப்பாட்டுப் பாடுகிறவன் என்று நினைக்கவேண்டாம். சில வருடங்களுக்கு முன் எங்கள் கரையோரக் கிராமமொன்றில் மீனவர்களுக்கு ஐஸ் தொழிற்சாலை போட வந்தார்கள். அந்த அறிக்கையில் பிழை மறுபக்கமாக இருந்தது. வருமானம் வருடா வருடம் விலைவாசியோடு ஏறுகிறது. கழிக்கும் வீதமோ பணவீக்கம் நீக்கிய சின்ன வீதம். உலர்த்தியின் எண்களையே அப்படிப் போட்டுப் பாருங்கள், 138 இலட்சம் வரும்! ஒரே இயந்திரம், 7 இலட்சம் நட்டம், 12.5 இலட்சம் இலாபம், 38 இலட்சம் இலாபம். எதுவும் மாறவில்லை, கணக்குப் போட்டவரின் கவனத்தைத் தவிர. அன்று நான் கை உயர்த்திக் கேட்டேன். "மாஸ்டர், இது கொம்பியூட்டர் போட்ட கணக்கு" என்றார் வந்தவர். பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியும் தந்தார்கள். இன்று அந்தக் கட்டடத்துக்குள் ஆடுகள் படுக்கின்றன. அதைப் பற்றி அப்போதே உங்களுக்கு எழுதினேன். பிரசுரிக்கவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும், அந்தக் கிழமை ராசிபலன் இரண்டு பக்கம் வந்திருந்தது.

இப்படியான கட்டுரை அடுத்த முறை மேசைக்கு வந்தால் உதவி ஆசிரியர் இரண்டே இடத்தைப் பார்க்கட்டும். அட்டவணையில் முதல் வருடக் கூலியும் கடைசி வருடக் கூலியும் ஒன்றாக இருக்கிறதா? கழித்த வீதம் வங்கிப் பத்திரத்தில் உள்ள வீதமா? இரண்டுக்கும் ஆம் என்றால் எழுதியவருக்கு ஒரு தொலைபேசி எடுங்கள். டீசலை மட்டும் ஏற்றிவிட்டுக் கூலியை அப்படியே விட்டிருந்தால் இரண்டு தொலைபேசி எடுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள்: அந்த 20 இலட்சம் இன்றைய விலை, அதற்குரிய வீதம் 14 அல்ல, 8.57 என்று. நாலு வரி போதும். அமைப்பு மாத முடிவில் மறுபடி கூடுகிறது, அதற்கு முன் வந்தால் உதவியாக இருக்கும். என் கடிதத்தைச் சுருக்குவதானால் அரிசிக் கடையை விட்டுவிட்டுச் சுருக்குங்கள். சென்ற முறை போல ஊர்ப் பெயரைக் களுவன்கேணி என்று போட்டுவிடாதீர்கள். அது வேறு ஊர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கியல் ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.