தமிழ்த் தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு: வரி விளம்பரத்தில் எதைச் சுருக்குவது?

பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் எழுத்துத்திறன் தாள்களுக்கு வினா அமைத்துத் திருத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நாளிதழ் ஒன்றின் வரி விளம்பரப் பிரிவில், கட்டணம் கணக்கிடும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வருகிறவர்கள் எழுதித் தரும் அரைப்பக்கத்தை அவர்கள் எதிரிலேயே நான்கு வரியாக்கித் தருவதுதான் என் வேலை. அண்மையில் என் அண்ணன் மகளின் தேர்வு விடைத்தாளைப் பார்த்த பிறகு இம்மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாடி வீட்டை வாடகைக்கு விட 50 சொற்களுக்குள் விளம்பரம் எழுதுக என்பது வினா. அவள் எழுதியது இது:

"எங்களுக்குச் சொந்தமான வீடு ஒன்று மதுரை அண்ணாநகரில் உள்ளது. இந்த வீட்டில் இரண்டு படுக்கை அறைகள் உள்ளன. இது முதல் மாடியில் அமைந்திருக்கிறது. தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறது. இந்த வீட்டை வாடகைக்கு விட விரும்புகிறோம். பேருந்து நிலையம் மிக அருகில் உள்ளது. விருப்பம் உள்ளவர்கள் கீழ்க்கண்ட எண்ணில் தொடர்பு கொள்ளவும்."

மொத்தம் 37 சொற்கள். வரம்புக்குள் இருக்கிறது, பிழையில்லை, சுற்றிலும் கட்டமும் போட்டிருக்கிறாள். முழு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பது இதில் இல்லை. "கீழ்க்கண்ட எண்" என்று எழுதியவள் கீழே எண்ணையே எழுதவில்லை. "வாடகைக்கு" என்னும் சொல், வீடு தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய சொல், ஐந்தாவது வாக்கியத்தில்தான் வருகிறது. என் மேசையில் அது இப்படி மாறியிருக்கும்:

"வாடகைக்கு: மதுரை அண்ணாநகரில் முதல் மாடி வீடு. இரு படுக்கையறை. போர்வெல், மாநகராட்சித் தண்ணீர். பேருந்து நிலையம் அருகில். வாடகை ரூ.12,000, முன்பணம் ரூ.50,000. தொடர்புக்கு:" என எழுதி எண்.

எண்ணோடு சேர்த்து 20 சொற்கள். உள்ளது, உள்ளன, இருக்கிறது, விரும்புகிறோம் ஆகிய வினைமுற்றுகள் யாவும் போயின. இந்த, இது என்னும் சுட்டுகள் போயின. "நன்றாக" என்பது விளம்பரம் கொடுப்பவரின் கருத்து; எந்தத் தண்ணீர் என்று சொன்னால் அது செய்தி. மிச்சமான இடத்தில் வாடகையும் முன்பணமும் ஏறிக்கொண்டன.

இதில் நான் தொடாமல் விட்டது ஒன்று உண்டு: வேற்றுமை உருபு. ஆங்கில விளம்பரத்தில் சிறு சொற்களை உதிர்ப்பதைக் கற்ற மாணவர்கள், அதே கையோடு தமிழில் உருபுகளை உதிர்க்கிறார்கள். "வீடு வாடகை தேவை" என்று எழுதினால், வீடு வேண்டுமென்று கேட்கிறாரா, தம் வீட்டுக்குக் குடியிருப்போர் வேண்டுமென்கிறாரா என்பது தெரியாது. "வாடகைக்கு வீடு தேவை" என்றால் ஐயமில்லை. ஒரு "க்கு" போனதால் வீடு தேடுகிறவருக்கு, வீடு தேடும் வேறு சிலரிடமிருந்தே நாள் முழுதும் அழைப்பு வந்ததை நான் அறிவேன். தமிழில் சுருக்கம் வினைமுற்றிலும் சுட்டிலும் அடைமொழியிலும் கிடைக்கிறது, உருபில் அல்ல. இதை வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சொல் எண்ணும் முறையையும் வினாத்தாளிலேயே அச்சிட வேண்டும். "படுக்கை அறை" என்று பிரித்தால் இரண்டு, "படுக்கையறை" என்று சேர்த்தால் ஒன்று. இதைக் கண்டுகொண்ட மாணவர்கள், சேரக் கூடாத சொற்களையும் ஒட்டி வரம்புக்குள் நுழைக்கிறார்கள். அச்சகத்தில் வரிக்குக் கட்டணம் என்பதால் ஒட்டி எழுதி யாரும் தப்ப முடியாது. தேர்விலும் வரிக் கணக்கு வைக்கலாமா என்று எண்ணிப் பாருங்கள்.

சுவரொட்டிக்கும் இதே அளவுகோலை வைப்பது பொருந்தாது. வரி விளம்பரத்தைத் தேடி வருகிறவர் படிக்கிறார். சுவரொட்டியையோ வேறு வேலையாகப் போகிறவர் நடந்தபடியே பார்க்கிறார். இரத்ததான முகாம் என்றால் அந்த இரு சொற்களே தாளின் கால்பங்கை நிறைக்க வேண்டும். அடுத்து நாள், கிழமை, நேரம், இடம். "கல்லூரி வளாகம்" என்பது போதாது. எந்த அரங்கம் என்று வேண்டும். பிறகு சிறிய எழுத்தில் 18 முதல் 65 வயது, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் என்னும் தகுதி. தானத்தின் மேன்மையைப் பற்றி மாணவர்கள் எழுதும் ஆறு வரிப் பத்தி அங்கே வேண்டியதில்லை. மாறாக, வரி விளம்பரத்தில் நான் நீக்கச் சொன்ன வினை இங்கே இருக்கலாம்: "வாருங்கள்" என்று அழைப்பது சுவரொட்டியின் வேலைதான்.

ஆகவே திருத்தும்போது கட்டத்துக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணை எடுத்து, இவ்விளம்பரத்தைப் பார்த்தவர் மறுகேள்வி கேட்காமல் நேரே வீட்டைப் பார்க்க வர முடியுமா என்பதற்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வரி விளம்பரப் பிரிவின் முன்னாள் ஊழியர்