ஓடைக் குறுக்குச் சிறுபாலப் பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஓடையைச் சாலை கடக்கும் இடத்தில் இருந்த 900 மில்லிமீட்டர் ஒற்றைக் குழாயை எடுத்துவிட்டு, தலா 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள இரண்டு கண் கான்கிரீட் பெட்டிப் பாலம் கட்டும் வேலை முடிந்தது. “இவ்வளவு பெரிய கண் எதற்கு?” என்று கூட்டத்தில் பலரும் கேட்டீர்கள். அந்த அளவு எப்படி வந்தது என்பதைத்தான் இந்த அறிக்கை முதன்மையாகச் சொல்கிறது. கான்கிரீட், கம்பி, கூலி விவரங்கள் தனி ஏட்டில் உள்ளன.

பழைய குழாயே போதும் என்றவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. கனமழை நாளில் 168 மில்லிமீட்டர் பெய்கிறது. 24 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 7 மில்லிமீட்டர். அந்த வீதத்தில் ஓடையில் நொடிக்கு அரை கன மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நீர் வரும். குழாய் அதை எளிதாக விழுங்கிவிடும். வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் சிறிய ஓடைக்கு நாள் மழை அளவுகோல் ஆகாது. மேட்டின் கடைசி மூலையில் விழுந்த நீர் பாலத்தை வந்தடைய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அந்த நேரத்துக்குள் கொட்டும் மழையின் வேகமே உச்ச வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது.

எனவே முதலில் அந்தச் சேரும் நேரத்தைக் கண்டோம். மட்டக் கருவி வைத்து அளந்ததில் ஓடையின் மிக நீண்ட வழி 1200 மீட்டர், அதன் மொத்த இறக்கம் 12 மீட்டர். சரிவு நூற்றுக்கு ஒன்று. கிர்பிச் என்ற பொறியாளர் 1940இல் வெளியிட்ட சூத்திரத்தில் இவற்றை இட்டால் 27 நிமிடம் வருகிறது. அந்தச் சூத்திரம் அமெரிக்காவின் டென்னசியில் சிறிய வேளாண் நிலங்களில் எடுத்த அளவீடுகளிலிருந்து பிறந்தது. ஆகவே 27 என்பதை 25க்கும் 30க்கும் நடுவில் என்று படிப்பதே நேர்மை.

25 ஆண்டுக்கு ஒரு முறை எட்டக்கூடிய ஒரு மணி நேர மழை இங்கே 70 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டோம். அதே மழையில் கடுமையான 27 நிமிடத்தை மட்டும் தனியே பார்த்தால் வேகம் இன்னும் கூடும். ஒரு மணி நேர அளவை 2 ஆல் பெருக்கி, மணியில் எழுதிய சேரும் நேரத்தோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். 27 நிமிடம் என்பது 0.45 மணி; 140ஐ 1.45 ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 97 மில்லிமீட்டர். முன்பு சொன்ன 7 எங்கே, 97 எங்கே!

“25 ஆண்டு” என்றதும் இன்னும் 25 ஆண்டுக்குக் கவலை இல்லை என்று சிலர் எண்ணக்கூடும். அந்த அளவை மீறும் மழை எந்த ஆண்டிலும் வர நூற்றுக்கு 4 வாய்ப்பு உண்டு. 25 ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முறையாவது மீற நூற்றுக்கு 64 வாய்ப்பு.

அடுத்தது நிலம். நீர்ப்பிடிப்பு மொத்தம் 60 ஹெக்டேர். அதில் 36 பயிர் நிலம், 18 பாறையும் புதருமான மேடு, 6 கூரையும் தார்த்தளமும். விழும் மழையில் ஓடிவரும் பங்கு முறையே 0.35, 0.6, 0.85 என்று வைத்தோம். பரப்போடு பெருக்கிக் கூட்டினால் 28.5 வருகிறது, அதாவது சராசரி 0.475. இந்தக் கணக்கிலேயே அதிகம் தடுமாறும் எண் இதுதான். ஊறிய மண்ணில் பயிர் நிலமும் பாறை போலவே நீரைத் தள்ளிவிடும். கீழே Q என்பது நொடிக்குக் கன மீட்டரில் வெள்ளம், C ஓடிவரும் பங்கு, A ஹெக்டேரில் பரப்பு, I மணிக்கு மில்லிமீட்டரில் மழையின் வேகம்; C × A தான் மேலே வந்த 28.5.

```
Q = C × A × I / 360
Q = 28.5 × 97 / 360 = 7.7
```

நொடிக்கு 7.7 கன மீட்டர். மேற்புறம் 1.5 மீட்டர் நீர் நின்றாலும் பழைய குழாய் நொடிக்குச் சுமார் 1.7 கன மீட்டரைத்தான் விடும். மிச்சம் சாலைமேல் ஏறியதில் வியப்பில்லை.

ஓடைத் தரையிலிருந்து சாலை 2 மீட்டர் உயரம். மேற்புற நீர் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தோம். கீழ்ப்புறம் ஓடை அகன்றிருப்பதால் அங்கிருந்து நீர் எதிர்த்துத் தேங்காது. ஆகவே பாலத்தின் வாய்தான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. இந்த நிலையில் இரண்டு வழிகள் முன்னால் நின்றன. 1200 மில்லிமீட்டர் குழாய் மூன்று போட்டால் நீர் 1.33 மீட்டர் வரை ஏறும். 4 மீட்டர் மொத்த அகலமுள்ள பெட்டியில் 1.16 மீட்டர். இரண்டுமே வரம்புக்குள் அடங்குகின்றன. காகிதத்தில் குழாயே தேறுகிறது, வேலையும் குறைவு.

ஆனால் வெள்ளம் வெறும் நீராக வருவதில்லை. முள்மரமும் வைக்கோலும் சேர்ந்தே வருகின்றன. மூன்றில் ஒரு பங்கு வாய் அடைபட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் சோதித்தோம். மிஞ்சிய இரண்டு குழாய்களின் வழியே அதே வெள்ளம் போக வேண்டுமானால் நீர் 2.2 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும்; அதாவது சாலை மூழ்கும். பெட்டியில் அதே அடைப்புக்கு 1.52 மீட்டர், வரம்பைச் சற்றே தாண்டும். கண்ணின் மேல்விளிம்பைத் தொட்டாலும் சாலை அரை மீட்டர் மேலேயே இருக்கும். மூழ்கிய குழாய் வாய் நீர் ஏற ஏறக் கொஞ்சமாகத்தான் கூடுதல் விடும்; மேலே திறந்த அகன்ற வாய் மளமளவென்று விடும். எங்கள் முடிவு இந்த ஒரு காரணத்தில் நின்றது. 1.16 மீட்டர் நீருக்கு 1.5 மீட்டர் உயரம் விட்டதும் மிதந்து வருவது உள்ளே நுழைந்து போகட்டும் என்பதற்காகவே. ஒரே 4 மீட்டர் கண் இன்னும் நல்லது. ஆனால் அதற்கு வேண்டிய தடித்த மேல்தளத்துக்குச் சாலை மட்டம் இடம் தரவில்லை.

50 ஆண்டு மழைக்கும் பார்த்தோம். ஒரு மணிக்கு 80 மில்லிமீட்டர் என்றால் வெள்ளம் 8.7 கன மீட்டர், நீர் மட்டம் கூடுவது 10 சென்டிமீட்டர் மட்டுமே. அதையும் மிஞ்சினால் நீர் எங்கே ஏற வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்ய, பாலத்துக்குச் சற்றுத் தள்ளிச் சாலையைச் சிறிது தாழ்த்தி, இரு பக்கச் சரிவிலும் கல் பாவியிருக்கிறோம்.

வெளிவாயில் நீர் நொடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. வெறும் மண் ஓடை தாங்குவது ஒன்று, ஒன்றரை மீட்டர் வேகம்தான். அதனால் கீழ்ப்புறம் பெருங்கல் தளமும், அதன் முனையில் நிலத்துக்குள் இறங்கும் தடுப்புச் சுவரும் கட்டியுள்ளோம். அந்தச் சுவர் இல்லாவிட்டால் முனையில் விழும் குழி பின்னோக்கி அரித்துவந்து தளத்தைத் தொங்கவிடும்.

வேலை முடிந்தபின் ஒரு நல்ல மழை பெய்தது. மழைமானியில் கடுமையான அரை மணிக்கு 28 மில்லிமீட்டர். மேற்புறச் சுவரில் நீர்த்தடம் 0.7 மீட்டரில் இருந்தது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் ஓடிவந்த பங்கு 0.38 ஆகிறது; நாங்கள் கொண்ட 0.475ஐவிடக் குறைவு. இதை வைத்துப் பாலம் தேவைக்கு மிகப் பெரிது என்று சொல்லிவிட முடியாது, அந்த மழை விழுந்தது காய்ந்த மண்ணில். தொடர்மழைக்குப் பின் வரும் தடத்தைப் பார்த்த பிறகே அந்த எண்ணைப் பற்றிப் பேசலாம்.

இனி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. மேட்டில் உள்ள 18 ஹெக்டேரும் கட்டடமாக மாறினால் வெள்ளம் 8.9 கன மீட்டராகும். பாலம் தாங்கும், ஆனால் அடைப்புக்கு விட்ட இடம் சுருங்கும். அங்கே கட்டட அனுமதி கேட்கப்பட்டால் குழுவுக்குச் சொல்லுங்கள். மற்றது வண்டல். உள்சுவரில் 30 சென்டிமீட்டர் உயரத்தில் சிவப்புக் கோடு இட்டுள்ளோம். வண்டல் அதைத் தொட்டால் மேற்புற நீர் 1.46 மீட்டருக்கு வந்துவிடும், வரம்பில் மிஞ்சுவது 4 சென்டிமீட்டர்தான். ஆகையால் மழைக்காலத்துக்கு முன் கோடு தெரியும்படி வண்டல் வாரும் பொறுப்பைப் பராமரிப்புக் குழு ஏற்றுள்ளது.