மாரியம்மன் கோயில் முன்மண்டப திருப்பணி நிறைவு அறிக்கை (ஒரு யூனிட் மணல் விவகாரம் உட்பட)

ஊர்ப் பெரியவங்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். மண்டபம் முடிஞ்சுது. கரண்ட் வேலை, பெயின்ட், தரைக்கு டைல்ஸ் எல்லாம் எஸ்டிமேட்டுக்குள்ளயே முடிஞ்சுது, பில்லு நோட்டுல இருக்கு. கம்பி குடுத்த மணியக்கார வீட்டு பெரியம்மா, ஜல்லி ஏத்திவிட்ட லாரிக்கார மாப்பிள்ளை, 30 மூட்டை சிமெண்ட் குடுத்த திருப்பூர் பனியன் கம்பெனி பசங்க, மூணு நாள் சாப்பாடு போட்ட மேல்தெரு அக்காங்க, தராசு குடுத்த எஸ்டேட் ரைட்டர் அண்ணன், எல்லாருக்கும் நன்றி.

இப்ப எல்லாரும் கேக்குற விஷயத்துக்கு வர்றேன். எஸ்டிமேட்ல மணல் 3 யூனிட், வாங்குனது 4 யூனிட், அந்த ஒரு யூனிட் எங்க போச்சு, கமிட்டி வித்துட்டாங்களா, இல்ல மணலை அள்ளிப்போட்டு கான்கிரீட்டை கெடுத்துட்டாங்களான்னு. ரெண்டும் இல்லீங்க.

முதல்ல தூண் போட்டப்ப கான்ட்ராக்டர் 1:1½:3 கணக்குல மூட்டைக்கு ஒன்றரை பெட்டி மணல், மூணு பெட்டி ஜல்லின்னு போட்டாரு. பெட்டி சரியான பெட்டிதான், உள்ளளவு 40க்கு 35க்கு 25 சென்டிமீட்டர், அதாவது 35 லிட்டர், ஒரு மூட்டை சிமெண்டோட அளவு. ஆனா பலகை பிரிச்சப்ப ரெண்டு தூண் அடியில தேன்கூடு மாதிரி ஓட்டை, ஜல்லி பல்லைக் காட்டிட்டு நிக்குது. அவரு வைப்ரேட்டர் பையன் மேல பழிய போட்டாரு. நம்ம ஓவர்சியர் ஐயா (ரிட்டயர்டு ஆனவரு, சம்பளம் வாங்கல) வந்து மணல் குவியல்ல கைய விட்டு பாத்துட்டு, "மணல் உப்பியிருக்குப்பா"ன்னாரு.

ஈரமணல் உப்பும்ங்கிறதை நானும் அன்னிக்குதான் கண்ணால பாத்தேன். ஒவ்வொரு மணல் மேலயும் தண்ணி ஒரு தோல் மாதிரி படிஞ்சு ஒன்னை ஒன்னு நெருங்க விடாம தள்ளி நிறுத்துதாம், அதனால பெட்டி நிறைஞ்ச மாதிரி தெரியும், உள்ள சரக்கு கம்மி. 5, 6 சதவீதம் ஈரத்துல உப்பல் உச்சத்துல இருக்கும், அதுக்கு மேல தண்ணி ஏறுனா குறையும், முழுக்க நனைஞ்சா உப்பலே இருக்காது. ஜல்லிக்கு இந்த வம்பு இல்ல. ஐயா கண்ணாடி அளவு ஜாடியில ஈரமணலை 200 மில்லி கோடு வரைக்கும் அமுக்காம போட்டு, வெளிய கொட்டி, ஜாடியில பாதிக்கு மேல தண்ணி ஊத்தி, அந்த மணலையே திருப்பிப் போட்டு கிளறி விட்டாரு. அடங்குனப்ப 160ல நின்னுச்சு. அதாவது 160 உள்ள மணல் 200ஆ உப்பியிருக்கு, 25 சதவீதம். ஒன்றரை பெட்டி போட்டா உண்மையில விழுந்தது 1.2 பெட்டிதான், இடுக்கை அடைக்க மணல் பத்தாம தேன்கூடு விழுந்துச்சு.

கான்ட்ராக்டர் ஒத்துக்கல. "நீங்க மணலை அதிகமாக்குறீங்க, நாளைக்கு சீலிங் விழுந்தா நான் பொறுப்பில்ல"ன்னு ரெண்டு நாள் வேலைய நிறுத்திட்டாரு. அப்பதான் ரைட்டர் அண்ணன்கிட்ட காபி மூட்டை போடுற தராசை வாங்கி, வெயில்ல காயவச்ச மணல் ஒரு பெட்டி வச்சோம், 54 கிலோ. குவியல்லேர்ந்து ஈரமணல் ஒரு பெட்டி, தண்ணியும் சேத்து, 46 கிலோகூட வரல. ஈரமணல் எடை கம்மின்னு யாருமே நம்பல, பூசாரி ரெண்டாவது தடவை அவரே வச்சு பாத்தாரு. அதுக்கப்புறம் கான்ட்ராக்டர் வாயத் தெறக்கல.

"அப்ப எடைபோட்டே கலக்கியிருக்கலாமே"ன்னு சிலர் கேட்டீங்க. நல்லதுதான், எடையில உப்பல் தொல்லையே கிடையாது, ஈரத்தோட எடைய மட்டும் கழிச்சா போதும். ஆனா ரெடிமிக்ஸ் லாரி நம்ம மலைச்சந்துக்குள்ள திரும்பாது, ஒரு மூட்டை மிக்சருக்கு மூட்டைக்கு மூட்டை மணலையும் ஜல்லியையும் காபி தராசுல ஏத்தி இறக்குனா ஒரே நாள்ல சீலிங் முடியாது. அதனால பெட்டியிலயே திருத்துனோம். மூட்டைக்கு வேணுங்கிற காஞ்ச மணல் 1.5 பெட்டிய 1.25ஆல பெருக்குனா ஈரமணல் சுமார் 1.88 பெட்டி. அதை ஆளுங்க கண்ணளவுல போட முடியாது, அதனால மணலுக்குன்னு தனியா ரெண்டு பெட்டி எடுத்து அடியில ஒன்றரை சென்டிமீட்டர் பலகை அடிச்சுட்டோம், ரெண்டையும் ரொப்பி சட்டத்தால மட்டம் தட்டுனா கணக்கு சரி. மணல்லயே மூட்டைக்கு 4 லிட்டர் தண்ணி இருந்ததால 27க்கு பதிலா 23 லிட்டர்தான் ஊத்துனோம். குவியலை தார்ப்பாய் போட்டு மூடி, மத்தியானம் ஜாடியில மறுபடி பாத்தோம், பெரிசா மாறல. மழை பேஞ்சிருந்தா பலகை கணக்கையே மாத்தியிருக்கணும்.

இப்ப கணக்கு. 160 மூட்டைக்கு காஞ்ச மணல்னா 297 கன அடி, எஸ்டிமேட்ல போட்ட 3 யூனிட். 25 சதவீதம் உப்புனா 371, யூனிட்டுக்கு 100 கன அடின்னா 3 யூனிட் பத்தாது, அதான் 4 யூனிட் வாங்குனோம். லாரிக்காரன் விக்கிறதும் ஈரமணல்தானே, அளவுலதானே தர்றான். எஸ்டிமேட் போடுறப்ப இதை யோசிக்காதது கமிட்டி தப்புதான், ஒத்துக்குறோம். ரெண்டு தூணையும் கொத்தி சரிபண்ண செலவை கான்ட்ராக்டர் பில்லுல பாதி கழிச்சாச்சு, மீதி பாதிய நாங்க ஏழு பேரும் சொந்த கையிலேர்ந்து போட்டோம்.

சீலிங் கான்கிரீட்ல எடுத்த கியூப் 28 நாள்ல சேலம் காலேஜ் லேப்ல பலம் பாத்தப்ப சதுர மில்லிமீட்டருக்கு 24லேர்ந்து 26 நியூட்டன் வரைக்கும் வந்துச்சு, தேவை 20. ரிப்போர்ட் நோட்டுல ஒட்டியிருக்கு.

மிச்சம் ஏறக்குறைய 30 கன அடி மணல் மடப்பள்ளி பின்னாடி கிடக்கு. சந்தேகம் இருக்கறவங்க வந்து அளந்துக்கலாம், பெட்டி ஸ்டோர் ரூம்ல இருக்கு, பலகை அடிக்காத பெட்டியா பாத்து எடுங்க.

இப்படிக்கு,
திருப்பணி கமிட்டி செயலாளர்