பொங்கல் சேலைகள் வந்துவிட்டன: எங்கள் நன்றியும் வாழ்த்தும்

எங்கள் கடையின் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்! நீங்கள் கேட்டிருந்த கண்டாங்கிச் சேலைகள் எல்லா நிறங்களிலும் அடுக்கில் ஏறிவிட்டன. இந்த மகிழ்ச்சிக்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லாமல் எங்களுக்குப் பண்டிகை தொடங்காது.

பொங்கலுக்கான சரக்கு தறியில் ஏறுவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அடைமழையும் அப்போதுதான். தறிக்குப் போகும் முன், சேலையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு உலர்த்த வேண்டும். ஐந்து சேலைக்கான பாவு என்றால் 27 மீட்டருக்கும் மேல் நீளும். எந்த வீட்டுக்குள்ளும் அடங்காது. விடியற்காலையின் இளவெயில்தான் அதற்கு ஏற்றது. உச்சி வெயில் பட்டால் நூல் முறுகி, தறியில் அறுந்துகொண்டே இருக்கும். மழை பட்டாலோ கஞ்சி கரைந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இந்த முறை மழை விடவே இல்லை. அப்போது கல்யாண மண்டபம் நடத்தும் அண்ணன் ஒருவர், "முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சாவியைக் கொடுத்தார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். ஓரம் முதல் ஓரம் வரை பாவை இழுத்துக் கட்டி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். அண்ணா, உங்களுக்கு முதல் நன்றி.

புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு முறுக்கிப் பிணைத்த அக்காமார்களுக்கு அடுத்த நன்றி. மின்சாரம் போன இரவுகளிலும் விளக்கு வைத்துக்கொண்டு பிணைத்தார்கள். ஈரக்காற்றில் விறைத்த தறியோடு போராடி நெய்து தந்த நெசவாளர் குடும்பங்களுக்கு எங்கள் வணக்கம். கரையில் ஓர் இழைகூடப் பிசகவில்லை!

தீபாவளி முடிந்த கையோடு முன்பணம் கொடுத்துச் சேலை சொல்லிவைத்த வாடிக்கையாளர்களே, அந்தப் பணத்தில்தான் நூல் வாங்கினோம். பண்டிகை நெருங்கிய பிறகு வாங்கியிருந்தால் நாள் போதாமல் போயிருக்கும். "வந்ததும் சொல்லுங்கள், அவசரமில்லை" என்று பொறுமையாகக் காத்திருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

வாங்கிச் செல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதுச் சேலை விறைப்பாக இருப்பது அந்தக் கஞ்சியால்தான். முதல் சலவையில் மற்றத் துணிகளோடு சேர்க்காமல், சோப்பு போடாமல், குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். இரண்டு மூன்று சலவையில் உடம்போடு ஒட்டும் மென்மை வந்துவிடும்.

போகியன்று இரவு 10 மணி வரை கடை திறந்திருக்கும். பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் விடுமுறை. காணும் பொங்கலன்று மாலை மீண்டும் சந்திப்போம். குடும்பத்தோடு வாருங்கள். பொங்கலோ பொங்கல்!