கடைசியாக எப்போது சிறுநீர் போனான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வந்த கோடைக் குறிப்புகளைப் படித்தேன். ‘குழந்தைகளுக்கு நிறையத் தண்ணீர் கொடுங்கள்’ என்பதோடு அது முடிந்துவிட்டது. முப்பது வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், அதற்கு மேல் கொஞ்சம் எழுத வேண்டும் போலிருந்தது. வெயிலில் வாடிய பிள்ளையைக் காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்திப் படுக்க வைக்கிறார்கள் பாருங்கள், அந்த ஒரு தவறைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன அக்னி நட்சத்திரத்தில் எங்கள் தெருவில் நடந்தது. ஆறு வயதுப் பையன். காலை ஒன்பது மணிக்குக் கிரிக்கெட் மட்டையோடு போனவன் பன்னிரண்டரைக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான். சாப்பாடு வேண்டாம் என்று சுருண்டு படுத்திருக்கிறான். தலை வலிக்கிறது என்றிருக்கிறான், ஒரு தடவை வாந்தி. தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டிருக்கிறது. அம்மா பாராசிட்டமால் சிரப் கொடுத்துப் போர்வையும் போர்த்திவிட்டார். “நர்சம்மா, மருந்து குடுத்து ஒரு மணி நேரமாச்சு, சூடே இறங்கல” என்று என்னைக் கூப்பிட வந்தபோது மணி மூன்று.

“கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?” என்றுதான் முதலில் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் போனதுதான் என்று அவனே சொன்னான். எட்டு மணி நேரம்! உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனாலும் பார்த்தேன். நாக்கு காய்ந்து ஒட்டியது. போர்வையை எடுத்ததும் சிணுங்கி அழுதான், கண்ணில் நீர் வரவில்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டால், சாதாரணமாகச் சட்டென்று படிந்துவிடும். இவனுக்கு ஒரு கணம் மடிப்பாக நின்று பிறகு படிந்தது. இரண்டு வினாடிக்கு மேல் நின்றிருந்தால் அங்கேயே ஆட்டோவைக் கூப்பிட்டிருப்பேன். தெர்மாமீட்டரில் 101 டிகிரி. பெயரைக் கேட்டால் ஒழுங்காகச் சொன்னான், உடம்பில் வியர்வையும் இருந்தது. அதனால் வீட்டிலேயே தொடங்கலாம் என்று முடிவு செய்தேன்.

பாராசிட்டமால் ஏன் வேலை செய்யவில்லை என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கிருமியால் காய்ச்சல் வரும்போது, உடம்பு இவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று மூளையே அளவை ஏற்றி வைத்துக்கொள்கிறது. அந்த அளவை இறக்கத்தான் மருந்து. வெயில் தாக்கும்போது மூளை எதையும் ஏற்றவில்லை. வெளியே போக வேண்டிய சூடு போக முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. வியர்வை காய்ந்தால்தான் சூடு போகும், வியர்க்க உடம்பில் தண்ணீர் வேண்டும். இதில் மருந்துக்கு வேலையே இல்லை. போர்வையோ, போகிற கொஞ்சம் சூட்டையும் தடுத்துவிடும்.

சட்டையைக் கழற்றி, மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் படுக்க வைத்து, காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்தோம். குழாய்த் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, முதுகு என்று துடைத்துக்கொண்டே இருந்தோம். ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஈரத் துணியை மேலே போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அது சூடாகிப் பயனில்லாமல் போகும். பாட்டி தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். வைக்கட்டும், அதில் கெடுதல் இல்லை. அதை வைத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் கெடுதல்.

குடிக்கக் கொடுப்பதில் இன்னொரு தவறு நடக்க இருந்தது. நான் துணி நனைக்கப் போன நேரத்தில் அம்மா ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிவிட்டார். ‘ஒரு லிட்டரை இவன் எங்கே குடிக்கப் போகிறான்’ என்ற எண்ணம். அந்தப் பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. உப்பும் குளுக்கோசும் அந்த அளவில் கரைந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகி, உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். பாதிப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கண்ணளவில் போடுவதும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து வைத்து, குடித்தது போக மீதியை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது, உறையில் எழுதியிருக்கும். பொட்டலமே இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் குறைத்தாலும் கூட்டக் கூடாது.

கடையில் அட்டை டப்பாவில் பழச் சுவையோடு விற்ற பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். சர்க்கரை மிகுந்த அந்தப் பானங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

பையனுக்கு டம்ளரை வாயில் வைக்கவில்லை. ஒரு டீஸ்பூன், இரண்டு நிமிடம் விட்டு இன்னொரு டீஸ்பூன். மூன்றாவது ஸ்பூனிலேயே வாந்தி. அம்மா பயந்துவிட்டார். பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக மறுபடி ஆரம்பித்தோம். நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தான், உடம்பு 99. ஐந்தரைக்கு ஒன்றுக்குப் போனான், கடுகெண்ணெய் நிறத்தில் கொஞ்சம். ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி போனபோது நிறம் வெளுத்திருந்தது. அதன் பிறகு உப்புப் போட்ட மோரும் குழைந்த சாதமும் கொடுக்கச் சொன்னேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இது போதாது. பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், எழுப்பினாலும் எழுந்திருக்காவிட்டால், வலிப்பு வந்தால், உடம்பு 104-ஐத் தொட்டால், அது வெப்பத்தாக்கு. வியர்வை இருந்தாலும் சரி, தோல் காய்ந்திருந்தாலும் சரி. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை குடம் குடமாக உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளையின் வாயில் மட்டும் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும், குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ, ஒரு மணி நேரம் குளிர வைத்தும் சூடு இறங்காவிட்டாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும். உண்மையான காய்ச்சலாகவே இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம்.

ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு வெயிலென்று தண்ணீர் புகட்ட வேண்டாம். தாய்ப்பாலையே அடிக்கடி கொடுத்தால் போதும். உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தாலோ, ஆறு மணி நேரமாகத் துணி நனையவில்லை என்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

அடுத்த கோடைக் குறிப்புகளைப் போடும்போது, அந்த ஒரு லிட்டர் கணக்கை மட்டுமாவது கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் தெருவில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டிவைக்க நாலு வீடு காத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
வேலூர் மாவட்டம்.