கயல்விழிக்கு: இரண்டு வேலை விளம்பரங்கள் பற்றி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய இரண்டு விளம்பரங்களையும் படித்தேன். ஒன்று, வெல்டிங்கைச் சோதித்துத் தரும் நிறுவனத்தில் அல்ட்ராசோனிக் பரிசோதகர் வேலை. மற்றது, கோவையில் உணவு இயந்திரங்கள் செய்யும் சிறு தொழிற்சாலையில் புராஜெக்ட் இன்ஜினியர். ஒரே வேலையில் ஊறிப்போவதா, எல்லாவற்றையும் தொட்டுப் பழகுவதா என்று கேட்டிருக்கிறாய். அந்தந்தத் தொழில் எதற்குக் காசு கொடுக்கிறது என்று முதலில் பார் அம்மா. விளம்பரத்தை நிதானமாகப் படித்தாலே அது தெரிந்துவிடும்.

பரிசோதகர் விளம்பரத்தின் முதல் வரியே ‘யூடி லெவல் 2 கட்டாயம்’, அதாவது அல்ட்ராசோனிக் சோதனையில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் வேண்டும். துவாக்குடிப் பக்கம் பட்டறைகளில் தரக்கட்டுப்பாட்டிலேயே என் காலம் போயிற்று, அதனால் அந்த வரியின் கனம் எனக்குத் தெரியும். கொதிகலன் வெல்டிங்கைச் சோதித்த அறிக்கையில் சான்றிதழ் உள்ளவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார், சரக்கு வாசலிலேயே நிற்கும். ஒரு தாளில் இன்னார்தான் கையெழுத்துப் போடலாம் என்று விதி இருக்கும் தொழிலில், விளம்பரம் அந்தத் தகுதியைத்தான் முதலில் கேட்கும், அதற்குத்தான் கூலியும் கொடுக்கும்.

ஆனால் எந்தச் சான்றிதழ் என்று பார். உன் விளம்பரத்தில் எஸ்என்டி-டிசி-1ஏ என்று இருக்கிறது. அந்த முறையில் சான்று தருவது முதலாளி. வேலை மாறினால் புது முதலாளி உன்னை மறுபடி சான்றளிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9712 அப்படியல்ல, வெளி அமைப்பு தேர்வு வைத்து உன் பெயரில் தருவது. ஐந்து வருடம் செல்லும், உன்னோடு வரும். இரண்டிலுமே செய்த வேலைக்குக் கணக்குக் கேட்பார்கள். அதனால் எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதி, மேலாளரிடம் அவ்வப்போது கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பட்டறை மாறிய பிறகு பழைய மேலாளரைத் தேடி அலைந்த பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சம்பளம் நாளுக்கு 3000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதே. அது ஆலைகளை நிறுத்திப் பழுது பார்க்கும் காலத்துக்கான கூலி. வருடத்தில் 160 நாள் வேலை கிடைத்தால் 4,80,000 ஆகும். கோவைக்காரர்கள் மாதம் 40,000 சொல்கிறார்கள், அதுவும் வருடத்துக்கு அதே தொகைதான். 160 நாளுக்கு மேல் வேலை தருவார்களா என்பதுதான் நீ கேட்க வேண்டிய கேள்வி.

அப்புறம், கோவை விளம்பரம். வரைபடம் சரிபார்த்தல், சப்ளையர்களைத் துரத்துதல், அனுப்புதல், வாடிக்கையாளர் இடத்தில் நிறுவுதல் என்று எட்டு வேலை அடுக்கியிருக்கிறார்கள். சிறு தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் வைக்க முடியாது. அதைவிட, அங்கே நஷ்டம் வருவதே இரண்டு பேருக்கு நடுவில்தான். வாடிக்கையாளர் ஆலையில் நீராவிக் குழாய் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒருவரும் கேட்காமல் இயந்திரம் போய் இறங்கினால், அங்கேயே குழாயை வெட்டி மறுபடி வெல்டிங் பண்ண வேண்டும். அதை முன்கூட்டியே கேட்கிற ஆளுக்குத்தான் அந்தச் சம்பளம். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலையும் இதே மாதிரி, சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை ஆர்டரை ஒருவரே கொண்டுபோவது.

ஆனால் இப்படிப்பட்ட விளம்பரத்தில் வினைச்சொற்களைக் கவனி. எட்டு வரியிலும் ‘உதவ வேண்டும்’, ‘ஃபாலோ-அப் செய்ய வேண்டும்’ என்றே இருந்தால் அது எடுபிடி வேலை. இரண்டு வருடம் கழித்து வேறு இடத்தில் காட்ட உன்னிடம் ஒன்றும் இருக்காது. ‘ஆர்டருக்குப் பொறுப்பு’ என்றோ, செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் என்றோ ஒரு வரி இருக்க வேண்டும். நீ அனுப்பியதில் அப்படி ஒன்றும் இல்லை.

என் யோசனை, பரிசோதகர் வேலையை எடு. என் தொழிலில் குவாலிட்டி மேனேஜர் விளம்பரங்கள் ஒரே சோதனை முறை தெரிந்தவரைக் கேட்பதில்லை. ரேடியோகிராபி, வெல்டிங் நடைமுறை, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் கேட்பார்கள். அதற்குப் பிறகு விரியலாம். ஆனால் அந்த நாற்காலிக்கு வந்தவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் ஏதோ ஒரு முறையில் கையெழுத்துப் போடும் தகுதியோடு உள்ளே நுழைந்தவர்கள்.

சேர்வதற்கு முன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேள். ஐஎஸ்ஓ 9712 தேர்வுச் செலவை ஏற்பார்களா? போன வருடம் அவர்களுடைய லெவல் 2 ஆட்களுக்கு எத்தனை நாள் வேலை இருந்தது? இரண்டாவதுக்கு நேரான பதில் வராவிட்டால் கோவைக்கு ஃபோன் போட்டு, ஒரு ஆர்டரையாவது உன் பொறுப்பில் விடுவார்களா என்று கேட்டுப் பார். அவர்கள் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா