எதிர்க்கடைக்குத் தீட்டிய கத்தி

கல்லடி, மட்டக்களப்பு
ஆவணி, ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான் குமரனுக்கு,

உன் கடிதம் சித்திரை வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுதாததற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் அது கணக்கு மாஸ்டரின் குடைக் கதை மாதிரி ஆகிவிடும். அம்மாவின் கால்வலி குறைந்திருக்கிறது. மூத்தவள் சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள், படிப்பதாகத்தான் சொல்கிறாள். மாமாங்கத் தீர்த்தத்துக்கு நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அந்தக் கணக்கைத் தனியாகத் தீர்த்துக்கொள்வோம்.

உன் மருமகன் திருக்கோவிலில் ஆண்களுக்கான கிரூமிங் ஸ்டூடியோ போடப்போகிறான், அங்கே ஏற்கெனவே ஒரு யூனிசெக்ஸ் சலூன் இருக்கிறது, அதை எப்படி எதிர்ப்பது என்று கேட்டிருந்தாய். நீ எழுதியபோது நானே அந்தக் கேள்வியில் முழி பிதுங்கிக் கிடந்தேன். என் கிரூமிங் ஸ்டூடியோவுக்கு எதிரிலேயே தை மாதம் ஒரு யூனிசெக்ஸ் சலூன் திறந்தார்கள். கண்ணாடி முகப்பு, ஏசி, திறப்பு விழாத் தள்ளுபடி, வாசலில் பலூன். அப்பா சந்தைக்குள் ஒற்றை நாற்காலியோடு இருந்த காலத்தில் எதிர்க்கடை என்றால் இன்னொரு ஒற்றை நாற்காலிதான். இது அப்படியில்லை. ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

தூங்காதவன் செய்யும் வேலைகளைத்தான் செய்தேன். பெயர்ப்பலகையில் 'ஆண்களுக்கு மட்டும்' என்று முழங்கை உயரத்துக்கு எழுதுவித்தேன். விலைப்பட்டியலை 31 சேவைகளாக நீட்டினேன். அவர்களிடம் முடி நேராக்குதல் இருந்தால் என்னிடமும் இருக்க வேண்டும், அவர்களிடம் 3 வகை ஃபேஷியல் என்றால் என்னிடம் 4. முகநூலில் 'உண்மையான ஆண்களின் இடம்' என்று ஒரு படம் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "அப்படியென்றால் நீங்கள் எங்கே வெட்டுவீர்கள்?" என்று கேட்டாள். நீ சிரிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சிரிப்பு மூன்று வாரத்தில் நின்றது. சனிக்கிழமை காலைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபது பேராவது வருவார்கள். அது எட்டாகக் குறைந்தது. எதிர்க்கடைக்காரன் இழுத்துவிட்டான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உண்மை கோயிலில் என் மனைவியின் காதுக்குத்தான் வந்தது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைத் தவறாமல் அழைத்துவரும் தாய் சொல்லியிருக்கிறார்: "பலகையைப் பார்த்தபின் உள்ளே வரக் கூச்சமாக இருந்தது. வெயிலில் வாசலில் நிற்கவும் முடியவில்லை." பையனுடைய தலை ஆணுடையதுதான், ஆனால் அவனைக் கூட்டிவருவது அம்மா. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. 'மட்டும்' என்ற சொல்லை அடுத்த நாளே பெயின்ட் அடித்து மறைத்தேன். கதவுக்கு உள்ளே, வீதியைப் பார்த்தபடி உட்கார ஒரு வாங்கும் மேலே ஒரு விசிறியும் போட்டேன். பிள்ளைகள் திரும்ப வர இரண்டு மாதம் பிடித்தது. ஆகவே மருமகனிடம் முதலில் இதைச் சொல்: சேவை ஆண்களுக்கு என்பது வேறு, வாசற்படி ஆண்களுக்கு என்பது வேறு.

அதன்பிறகுதான் ஒரு பயிற்சிக் கொப்பி வாங்கி மேசையில் வைத்தேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி: "இதற்கு முன் எங்கே வெட்டினீர்கள்?" வேறு எதுவும் கேட்பதில்லை. துணியைக் கழுத்தில் கட்டும்போது கேட்டால் மனுசர்கள் பொய் சொல்வதில்லை. ஆறு வாரத்தில் 112 புதிய முகங்கள். அவர்களில் 61 பேர் சாதாரண சலூனில் வெட்டியவர்கள். 34 பேர் வீட்டில் ட்ரிம்மர் வைத்துத் தாங்களே தாடியைச் சமாளித்தவர்கள். யூனிசெக்ஸ் சலூனில் இருந்து வந்தவர்கள் 17 பேர் மட்டும். நான் இரவு பகலாகக் கத்தி தீட்டியது அந்தப் பதினேழு பேருக்காக! மீதித் தொண்ணூற்றைந்து பேரும் எதிர்க்கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள். 'யூனிசெக்ஸ் சலூனைவிட நாங்கள் மேல்' என்று அவர்களிடம் சொல்வதில் என்ன இருக்கிறது? அவர்களுடைய கேள்வி வேறு: மூலைக் கடையில் பாதி விலைக்கு வெட்டும்போது உனக்கு ஏன் 1,200 ரூபாய் தர வேண்டும்?

ஆனால் அந்தப் பதினேழையும் தள்ளிவிடாதே. அவர்களில் 13 பேர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தார்கள். வங்கி, கச்சேரி, பாடசாலை என்று வேலை பார்க்கிற, தாடியைப் பேணுகிற, முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆட்கள். ஏன் வந்தார்கள் என்று மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முகூர்த்த நாட்களில் அங்கே மணப்பெண் அலங்காரம் வந்துவிட்டால் இவர்களுக்குச் சொன்ன நேரம் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போகிறது. அதில் கடைக்காரர் குற்றமில்லை. மணப்பெண் வேலையில்தான் அவருக்கு உழைப்பு. இன்னொன்று, பக்கத்து நாற்காலியில் பெண்கள் இருக்கும்போது நரைத்த தாடிக்குக் கறுப்பு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்க இவர்களுக்கு வெட்கம். காத்தான்குடியில் இருந்து வருகிறவர்கள் வெட்கம் என்று சொல்லவில்லை, பழக்கமில்லை என்றார்கள். நேரமும் தாடியும்: எதிர்க்கடை எத்தனை பலூன் கட்டினாலும் தரமுடியாத இரண்டும் இவைதான். மூலைக் கடையும் இந்த இரண்டையும் தருவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அங்கே தாடி என்றால் ஒரே இழுவை, காத்திருப்பு என்றால் பத்திரிகை முடியும் வரை. இரண்டு பக்கமும் பார்க்கிற ஒரே பேச்சு எனக்குக் கிடைத்துவிட்டது.

இதை வைத்துப் பட்டியலை வெட்டினேன். 31 இல் மிஞ்சியது 9. முடி நேராக்குதலைத் தூக்கியபோது தம்பி சண்டைக்கு வந்தான். அதில் 9,000 ரூபாய் வாங்கினோம். மருந்துச் செலவு 3,500 போக 5,500. மூன்று மணித்தியாலம் என்றாலும் மணிக்கணக்கில் பார்த்தால் முடிவெட்டைவிட அது மோசமில்லை, அவன் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஆள் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவான். தலையும் தாடியும் செய்கிறவன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறான். வருடத்தில் 17 தடவை, 20,400 ரூபாய். அதோடு மருந்து நாற்றத்தில் நேரம் சொல்லிவிட்டு வந்த மூவர் காத்திருந்தால், நாம் விற்கிற நேரம் என்ற சரக்கே கெட்டுப்போகிறது. இதைச் சொன்னபிறகு தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினான்.

சாயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது விளையாட்டில்லை. வைகாசியில் ஒரு மாப்பிள்ளைப் பையன், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னர் தாடிக்குக் கறுப்பு அடிக்க வந்தான். அடித்தேன். மறுநாள் அவன் முகம் வீங்கி, தாடை முழுவதும் கொப்பளம். என் கடையில், என் கையால். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பாரா ஃபெனிலீன் டயமீன் என்ற பொருள் இருக்கிறது. சிலருடைய உடம்பு அதை ஏற்காது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணித்தியாலம் பார்க்க வேண்டும் என்று சாயப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. நான் வாசிக்கவில்லை. கல்யாணப் படத்தில் அவன் எல்லாவற்றிலும் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறான். அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அப்பா தேநீர் தந்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது தாடிக்குச் சாயம் என்றால் இரண்டு நாள் முன்னதாக வந்து பொட்டு வைத்துக்கொண்டு போக வேண்டும். வேண்டாம் என்றால் நான் செய்வதில்லை. இதனால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன். சிலர் ஓடினார்கள். ஆனால் பொட்டு வைத்துக்கொண்டு போனவர்கள் வெளியே போய்ச் சொன்ன கதைதான் என் முகநூல் படங்களையெல்லாம்விட அதிகம் ஆள் கொண்டுவந்தது. பலகையில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: 'தலை, தாடி, சவரம். சொன்ன நேரத்துக்கு நாற்காலி.' சுருள் தாடிக்காரர்களுக்கு முடி வளர்ந்த திசையிலேயே சவரம் செய்து, ஒட்ட வழிக்காமல் விடுகிறேன். எதிர்த்திசையில் வழித்தால் முடி தோலுக்குள் மடங்கிப் பருக்களாக வரும். அதையெல்லாம் பலகையில் எழுத முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் கண்ணாடியைக் காட்டிச் சொல்கிறேன்.

கிழமையையும் பார்த்துக்கொள்ளச் சொல். செவ்வாயும் வெள்ளியும் நம்மவர்கள் தலையில் கத்தி வைக்க மாட்டார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் தாடியையும் தொட விடமாட்டார்கள். என் வெள்ளிக் காலையைக் காப்பாற்றுவது ஜும்ஆவுக்கு முன் வருகிற காத்தான்குடி ஆட்கள்.

ஒரு பயமும் எனக்கு இருக்கிறது. நான் சொன்னது கல்லடிக்குச் சரி. திருக்கோவிலுக்குச் சரியா? கணக்குப் போட்டுப் பார். ஒரு நாற்காலிக்கு நாளுக்கு 8 பேர், மாதம் 25 நாள் என்றால் 200 தடவை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர்களாக இருந்தால் 140 பேர் வேண்டும். இரண்டு நாற்காலிக்கு 280. தாடி பேணி, நேரம் சொல்லி வந்து, 1,200 தருகிற 280 ஆட்கள் அங்கே இருக்கிறார்களா? பக்கத்துத் தம்பிலுவிலையும் சேர்த்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் ஒரு நாற்காலியோடு தொடங்கட்டும், விலையைக் குறைத்து மூலைக் கடைக்காரனோடு மோத வேண்டாம். கடை வாடகைக்குக் கையெழுத்து வைக்குமுன் இரண்டு சனிக்கிழமை அந்தச் சலூன்களின் வாசலில் நின்று தலைகளை எண்ணச் சொல்.

'ஸ்டூடியோ' என்ற பெயரைப் பற்றியும் கேட்டிருந்தாய். நான் வைத்தபோது நம் வகுப்புக்காரன் ஒருவனே, "சலூன்காரன் மகன் ஸ்டூடியோ போடுகிறானாம்" என்று சிரித்தான். யாரென்று உனக்குத் தெரியும். வாடிக்கையாளருக்காகப் பாதி, அந்தச் சிரிப்புக்காகப் பாதி என்றுதான் அந்தப் பெயரை வைத்தேன். அதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. அப்பாவின் நாற்காலியை இப்போது முன்வாசலில் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு அதில்தான் வெட்டுகிறேன்.

மருமகனை ஒரு வாரம் இங்கே அனுப்பு, கொப்பியைக் காட்டுகிறேன். நீயும் அந்தத் தாடியோடு வா. செவ்வாய்க்கிழமை வந்தால் கடை முழுக்க உனக்குத்தான். உன் அம்மாவிடம் மட்டும் கிழமையைச் சொல்லாதே.

அன்புடன்,
செல்வம்